டிம் பண்ணியும் கண்ணைக் குத்தும் வெளிச்சம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சாரதிப் பயிற்சி ஆசிரியையாகப் பணிபுரியும் எமது பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது, "பெண்களும் முன்னேற்றமும்" என்ற மாதிரி ஏதாவது பேசுங்கோ என்றுதான் செயலாளர் கேட்டார். அதைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வாகனம். இன்று வாசலில் நிற்கும் ஸ்கூட்டிகளை எண்ணிப் பார்த்தேன். நாங்கள் படித்த காலத்தில் இந்த வளவுக்குள் சைக்கிள் நிற்கவே இடம் தேடுவோம். அதிலும் பாதிக்கு லைற் இராது, டைனமோ இருந்தால் பெரிய காரியம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. இரவில் வெளிச்சம் காட்டாமல் ஓடுவதுதான் பாதுகாப்பு என்று ஒரு தலைமுறையே பழகியிருந்தது. இப்போது வெளிச்சம் தாராளம். அதை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு முதலில் என்னுடைய ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், மாசி மாதம், காலபோக அறுவடை முடிகிற நேரம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய், இரவு எட்டு மணியளவில் ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். சின்ன ஜப்பான் கார். பின்பெட்டியில் மூன்று மூட்டை புத்தரிசி, ஒவ்வொன்றும் 50 கிலோ. பின் சீற்றில் தம்பியின் பிள்ளைகள் இருவர். வீதி வெறுமை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போயிருப்பேன்.

தூரத்தில் ஒற்றை லைற் ஒன்று வந்தது. உடனே டிம் பண்ணினேன். மீற்றர் பலகையில் நீல விளக்கு அணைந்ததையும் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பழக்கம், பார்க்காமல் விடமாட்டேன். ஆனாலும் எதிரே வந்தவர் லைற்றை இரண்டு தரம் அடித்துக் காட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் டிம் பண்ணித்தானே வருகிறேன், இவருக்கு என்ன குறை என்று நினைத்தேன். என்னைக் கடந்துபோனது ஒரு ஸ்கூட்டி. கடந்து ஒரு செக்கன் இருக்கும், பின்கண்ணாடியில் தெரிந்த அதன் சிவப்பு லைற் சரிந்து காணாமல் போனது.

திருப்பிப் போனேன். வீதியின் இடது ஓரத்தில், தாரில் பாதியும் மண்ணில் பாதியுமாக ஒரு கறுப்பு எருமை எழும்பி நின்றது. ஸ்கூட்டி பற்றைக்குள் கிடந்தது. அந்தப் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. மணிக்கட்டு முறிவு. ஹெல்மெற் போட்டிருந்தபடியால் அவ்வளவோடு போனது. அவ முதலில் சொன்னது, "அக்கா, நான் லைற் அடிச்சுக் காட்டினனான். உங்கட வெளிச்சத்தில எனக்கு ஒண்டும் தெரியேல்ல."

"நான் டிம்மிலதானே வந்தனான்" என்று சொன்னேன்.

"டிம்மோ? எனக்குப் பிறைற்றிலதான் வந்த மாதிரி இருந்தது."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதுதான் அவவும் எங்கள் பாடசாலைப் பிள்ளை, எனக்கு எட்டு வருடம் இளையவ என்று தெரிந்தது. அவவின் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன்.

இருபது வருடமாக மற்றவர்களுக்கு "எதிரே வாகனம் வந்தால் டிம் பண்ணு" என்று சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது நித்திரையைக் கெடுத்தது. நான் டிம் பண்ணியது உண்மை. அவவுக்குக் கண் கூசியதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? மூன்றாம் நாள், தெரிந்த கராஜ் ஒன்றின் சுவருக்கு முன்னால் காரைக் கொண்டுபோய் விட்டு அளந்து பார்த்தோம். அந்த அளவைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கணக்கு என்று பயப்பட வேண்டாம், ஓ.எல். கணிதத்தில் வடிவொத்த முக்கோணி படித்த எல்லோருக்கும் விளங்கும்.

முதலில் டிம் வெளிச்சம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். எங்கள் பழைய கார்களில் இருக்கிற ஹெட்லைற் பல்ப்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். பிறைற் போட்டால் ஒன்று எரியும், டிம் போட்டால் மற்றது எரியும். பலர் நினைப்பது போல டிம் என்பது வெளிச்சத்தைக் குறைப்பதல்ல. பிறைற் இழை 60 வாற் என்றால் டிம் இழை 55 வாற். பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் திசையில்தான். டிம் இழைக்குக் கீழே சின்னத் தகரக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அது கீழ்ப்பக்கமாகப் போகிற ஒளியை மறைத்துவிடும். மிஞ்சிய ஒளி லைற்றின் உள்ளேயுள்ள கண்ணாடியில் பட்டுக் கீழ்நோக்கி மட்டுமே வெளியே வரும். அதனால்தான் டிம் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தால், மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு இடது பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற நாடு. இடது ஓரத்தில் நடக்கிறவரையும் சைக்கிளையும் காட்டுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வலது பக்கம், அதாவது எதிரே வருபவரின் பக்கம், கோடு பதிந்தே இருக்கும்.

ஆகவே டிம் லைற்றின் உயிர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கோடு எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே நின்றால் அது டிம். கண்ணுக்கு மேலே போனால், உங்கள் சுவிட்ச் எங்கே இருந்தாலும், அவருக்கு அது பிறைற்தான்.

இனி அளவு. என் காரின் ஹெட்லைற் நடு நிலத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி, சம நிலத்தில், வெறும் காரை நிறுத்தினோம். டிம் போட்டதும் சுவரில் கோடு 60 சென்ரிமீற்றரில் விழுந்தது. 5 மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் இறக்கம்; அதாவது மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர். இது சரியான அளவு. இந்தக் கணக்கில் கோடு 65 மீற்றர் தூரத்தில் வீதியைத் தொடும். அதற்கு அப்பால் எவருடைய கண்ணுக்கும் தொந்தரவு இல்லை.

பிறகு அதே மூன்று மூட்டையை ஏற்றி, பின் சீற்றில் இரண்டு பேரை இருத்தினோம். காரின் பின்பக்கம் நாலரை சென்ரிமீற்றர் பதிந்தது. பார்த்தால் தெரியாது, நாலரை சென்ரிமீற்றர் என்ன, இரண்டு விரல் அகலம் சொச்சம். ஆனால் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் இரண்டரை மீற்றர்தான். இரண்டரை மீற்றரில் நாலரை சென்ரிமீற்றர் சரிந்தால், 5 மீற்றரில் 9 சென்ரிமீற்றர் உயரும். சுவரில் கோடு 60 இலிருந்து 69 க்குப் போய் நின்றது.

லைற் இருக்கிற உயரம் 65. கோடு 69. விளங்குகிறதா? வெளிச்சம் கீழே இறங்குவதற்குப் பதிலாக மேலே ஏறிக்கொண்டு போகிறது. மீற்றருக்கு 0.8 சென்ரிமீற்றர் வீதம். ஸ்கூட்டியில் இருக்கிற ஒருவரின் கண் நிலத்திலிருந்து ஏறக்குறைய 135 சென்ரிமீற்றரில் இருக்கும். 65 இலிருந்து 135 க்கு ஏற 70 சென்ரிமீற்றர் வேண்டும், 0.8 ஆல் வகுத்தால் 87 மீற்றர். அதாவது அந்தப் பிள்ளை எனக்கு 87 மீற்றருக்கு அப்பால் இருந்த நேரம் முழுவதும் அவவின் கண் என் லைற்றின் முழு வெளிச்சத்துக்குள் இருந்திருக்கிறது. கிட்ட வந்த பிறகுதான் கோடு அவவின் கண்ணுக்குக் கீழே இறங்கியது.

"கிட்ட வரும்போது இறங்கிவிட்டதுதானே, பிறகென்ன?" என்று கராஜில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பதில் கண்ணில் இருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெளிச்சம் அடித்தால், வெளிச்சம் போன உடனேயே பார்வை திரும்பாது. வெயிலில் இருந்து கோயிலின் உள்வீதிக்குள் நுழைந்தவுடன் தூண்கூடத் தெரியாமல் நிற்பீர்களே, அது மாதிரி. இளம் கண்ணுக்கே சில செக்கன்கள் வேண்டும். வயது ஏற ஏற அந்த நேரம் கூடும். எங்கள் வயதுக்காரர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 60, அவ 40. இருவரும் நெருங்கிய வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர், செக்கனுக்கு 28 மீற்றர். நேர் வீதி, 250 மீற்றரில் என் வெளிச்சம் அவவின் கண்ணில் விழத் தொடங்கியது என்று வைத்தால், ஏறக்குறைய ஆறு செக்கன் கண் கூசியிருக்கிறது. 87 மீற்றரில் வெளிச்சம் விலகியது. அதிலிருந்து மூன்று செக்கனில் என்னைக் கடந்தா. அடுத்த செக்கனில் எருமை. அந்த நாலு செக்கனில் அவ ஓடிய தூரம் 44 மீற்றர். அந்த 44 மீற்றரும் அவ கண் தெரியாமல்தான் ஓடியிருக்கிறா. லைற் அடித்துக் காட்டியது எனக்குச் சொல்லக்கூடிய ஒரே வழி. நான் அதைக் கேட்கவில்லை.

இதில் என்னை வெட்கப்பட வைத்த விஷயம் இன்னொன்று. என் காரில் இதற்கென்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. ஸ்ரியறிங்குக்கு வலது பக்கத்தில், சின்ன லைற் படமும் மேலும் கீழுமாக அம்புக்குறியும் போட்டு, 0, 1, 2, 3 என்று இலக்கமிட்டு இருக்கும். பலருடைய காரிலும் வானிலும் இருக்கிறது. சாரதி மட்டும் இருந்தால் 0. பின்னால் ஆளும் சாமானும் ஏற ஏற இலக்கத்தைக் கூட்ட வேண்டும். இலக்கம் கூடக் கூட வெளிச்சம் கீழே இறங்கும். சுவருக்கு முன்னால் அதே பாரத்தோடு அதை 3 இல் வைத்தோம். கோடு திரும்பவும் 60 க்குக் கிட்ட வந்து நின்றது. ஒரு விரலால் உருட்டுகிற வேலை. வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை.

ஸ்கூட்டியில் அப்படிச் சக்கரம் இல்லை. பின்னால் ஒரு ஆளை ஏற்றினாலே வெளிச்சம் மேலே போகும். வழமையாக இரண்டு பேராகப் போகிறவர்கள், இரண்டு பேரும் இருக்கும்போதே சுவரில் பார்த்து, லைற்றுக்குக் கீழே உள்ள ஆணியை முறுக்கி இறக்கி வைக்கலாம். கராஜில் ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, கடைகளில் விற்கிற வெள்ளை எல்.ஈ.டி. பல்ப். "அக்கா, சும்மா பகல் மாதிரி இருக்கும்" என்று சொல்லித் தருவார்கள். தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி. லைற்றோடு வந்த வாகனத்தில் பிழையில்லை. அதன் கண்ணாடி அதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் இழை பல்ப்புக்காகச் செய்த பழைய லைற்றுக்குள் எல்.ஈ.டி.யைச் செருகினால், ஒளி பிறக்கிற இடம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மாறினாலே கண்ணாடி அதைக் கண்டபடி சிதறிவிடும். சுவரில் அடித்துப் பாருங்கள். வெட்டிய கோடு இராது, மேலே எல்லாம் வெளிச்சம் பூத்திருக்கும். முன்னுக்கு நிலம் பளிச்சென்று தெரிவதால் ஓட்டுகிறவருக்குத் திருப்தி. தூரம் மட்டும் அப்படியே இருட்டு.

சரி, டிம் போட்டால் எங்களுக்கு எவ்வளவு தூரம் தெரியும்? கோடு 65 மீற்றரில் வீதியைத் தொட்டாலும், கறுப்பு எருமையோ இருண்ட உடுப்புப் போட்ட மனிதரோ 40 மீற்றருக்குள் வந்த பிறகுதான் பெரும்பாலும் கண்ணில் படுவார்கள். மணிக்கு 60 இல் போகிறவர் கண்டு, காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை செக்கன்; அதற்குள் 25 மீற்றர் போய்விடும். பிறகு காய்ந்த வீதியில் நிற்க இன்னும் 23 மீற்றர். மொத்தம் 48. நாற்பதில் காண்கிற எருமைக்கு நாற்பத்தெட்டில் நின்று என்ன பிரயோசனம்? அதே கணக்கில் 50 இல் போனால் 37 மீற்றரில் நின்றுவிடலாம். ஏ9 இல் கார்கள் 70 வரை போகலாம் என்று இருக்கிறது. அது பகலுக்கும் இரவுக்கும் பொதுவான உச்ச வேகம். டிம் லைற்றில் 70 இல் போகிறவர் தன் கண்ணை முந்திக்கொண்டு போகிறார்.

மாடுகள் ஏன் வீதியில் படுக்கின்றன என்று வெளியூரார் கேட்பார்கள். பகல் வெயிலில் சூடேறிய தார் இரவில் கதகதப்பாக இருக்கும், ஈரமும் இல்லை. மாட்டுக்குத் தெரிந்த சுகம். கண்ணில் லைற் பட்டால் பச்சையாக மின்னும். ஆனால் முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் ஒன்றும் மின்னாது. ஓமந்தைக்கு வடக்கே, புளியங்குளம், கனகராயன்குளம், முறிகண்டி என்று காட்டோரமாகப் போகும்போது ஒன்றைக் கண்டால் இன்னும் நாலு கிடக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் இதோடு பின்லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும் சேரும். பெட்டி வைத்திருக்கிற வீட்டுக்காரர் இங்கே இருந்தால், சிவப்பு ஒளித்தெறிப்பு ஸ்ரிக்கர் இரண்டை வாங்கிப் பின்பலகையின் இரு அந்தத்திலும் ஒட்டுங்கள். அதற்குப் பற்றரி வேண்டாம்.

அதற்காக எந்த நேரமும் டிம்மில் ஓடச் சொல்லவில்லை. எதிரே யாரும் இல்லாத வெறும் வீதியில் பிறைற் போடத்தான் வேண்டும். நூறு மீற்றருக்கு மேல் காட்டும். எதிரே லைற் தெரிந்ததும் டிம் பண்ண வேண்டும், அது காரோ லொறியோ சைக்கிளோ எதுவானாலும். சைக்கிள்காரருக்கு லைற் அடித்துக் காட்டக்கூட வழியில்லை. வளைவில், எதிர் வாகனம் தெரியாவிட்டாலும் அதன் வெளிச்சம் மரத்தில் விழுவது தெரியும், அப்போதே டிம். முன்னால் போகிற வாகனத்துக்குப் பின்னால் போகும்போதும் டிம்தான். உங்கள் பிறைற் அவருடைய கண்ணாடிகள் மூன்றிலும் அடிக்கும். 1968 ஆம் ஆண்டு வியன்னாவில் எழுதப்பட்ட சர்வதேச வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில், வீதியோடு ஒட்டி ஓடுகிற ரயில்பாதையில் வருபவருக்கும் கண் கூசக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். முன்பு அதை வாசித்துச் சிரித்தேன். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பவும் ரயில் வந்த பிறகு சிரிக்கவில்லை. எங்கள் ஏ9 க்குப் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது.

எதிரே வருபவர் டிம் பண்ணாவிட்டால்? ஒரு தரம் அடித்துக் காட்டுங்கள், போதும். நீங்களும் பிறைற்றைப் போட்டுப் பழிவாங்கினால் வீதியில் கண் தெரியாதவர் ஒருவர் இருந்த இடத்தில் இருவர் ஆவார்கள். வேகத்தைக் குறைத்து, எதிர் லைற்றைப் பார்க்காமல், இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு போங்கள். கடந்த பின்னும் நாலைந்து செக்கனுக்கு வேகம் கூட்ட வேண்டாம். ஹெல்மெற் கண்ணாடி கீறல் விழுந்திருந்தால் மாற்றுங்கள். ஒவ்வொரு கீறலும் ஒரு லைற்றாக மாறிக் கண்ணுக்குள் நிற்கும்.

இனிப் பனிக்கு வருவோம். தை, மாசியில் விடிய ஐந்து, ஆறு மணிக்கு கிளிநொச்சியில் இருந்து பரந்தன், ஆனையிறவு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வயலும் கடல்நீரேரியுமாகக் கிடக்கிற இடம். சில நாட்களில் முன்னால் பஞ்சுச் சுவர் எழுப்பின மாதிரி மூட்டமாக இருக்கும். அப்போது பலர் செய்கிற முதல் வேலை பிறைற் போடுவது. அது பிழை. பனி என்பது காற்றில் தொங்குகிற நீர்த்துளி. மேலே நேராகப் போகிற பிறைற் வெளிச்சம் அந்தத் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். வெள்ளைத் திரைதான் தெரியும், வீதி தெரியாது. டிம் போட்டால் வெளிச்சம் கீழே போகும், திரும்பி வருவது குறையும்.

பொக் லைற் இதற்காகவே செய்தது. பம்பரில் தாழ்வாக இருக்கும். அதன் வெளிச்சம் அகலமாகவும் குறுகிய தூரத்துக்கும் விரியும். இரு ஓரத்து வெள்ளைக் கோட்டையும் காட்டும், தூரத்தைக் காட்டாது. மஞ்சள் நிறம்தான் பனியைக் கிழிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. பனித்துளி பெரியது, எந்த நிறத்தையும் ஒரே மாதிரித்தான் சிதறும். தாழ்வாக இருப்பதும் மேலே வெட்டப்பட்டிருப்பதும்தான் அதன் பலன்.

எப்போது போடலாம்? கடும் பனியிலும், முன்னால் தெரியாத அளவு கொட்டுகிற மழையிலும் மட்டும். வியன்னா உடன்படிக்கையின் கருத்தும் இதுதான். பிரித்தானிய வீதி விதிக்கோவை ஒரு அளவே சொல்கிறது: 100 மீற்றருக்கு அப்பால் தெரியாதபோது போடலாம், தெளிந்தவுடன் அணைத்தே ஆக வேண்டும். நூறு மீற்றரை எப்படி அளப்பது? நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, வீதியோர மின்கம்பங்களைப் பாருங்கள். மூன்றாவது கம்பம் தெரிகிறதென்றால் பொக் லைற் தேவையில்லை. நல்ல நிலவில், வடிவுக்காகப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் ஈர வீதியில் எதிரே வருபவரின் கண்ணைத்தான் பதம் பார்க்கிறார்கள்.

சில கார்களில் பின்னாலும் ஒரு சிவப்புப் பொக் லைற் இருக்கும். பலருக்குத் தங்கள் காரில் அது இருப்பதே தெரியாது. மீற்றர் பலகையில் முன் பொக் லைற்றுக்குப் பச்சைக் குறி, பின்னுக்கு மஞ்சள் குறி. இரண்டிலும் வெளிச்சக் கோடுகளைக் குறுக்கே ஒரு வளைந்த கோடு வெட்டும். பின் பொக் லைற் பிரேக் லைற் அளவுக்குப் பிரகாசமானது. பனியில் அது உயிர் காக்கும். பனி விலகிய பிறகும் எரிந்தால், நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

ஹசாட் லைற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு முக்கோணிப் பொத்தானை அமத்தினால் நாலு சிக்னலும் ஒன்றாக மின்னுமே, அதுதான். பனி, மழை என்றவுடன் இதைப் போட்டுக்கொண்டு ஓடுவது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஒரு தை மாத விடியலில் யாழ்ப்பாணம் போவதற்காக வடக்கே போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வான், நாலு சிக்னலும் மின்ன, 30 இல் ஊர்ந்துகொண்டு போனது. பரந்தன் சந்தி நெருங்கியது. கொஞ்சம் தெளிந்திருந்தது, முந்தலாம் என்று வலது பக்கம் எடுக்கப் போனேன். வான் திடீரென்று வலப்பக்கம், முல்லைத்தீவு வீதிக்குள் திரும்பியது. பிரேக் பிடித்தேன், ஒரு முழ இடைவெளியில் தப்பினேன். சந்திக்குக் கிட்ட முந்த நினைத்தது என் பிழை. ஆனால் அந்தச் சாரதி வலது சிக்னல் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். நாலும் மின்னும்போது பெரும்பாலான வாகனங்களில் திரும்பும் சிக்னல் வேலை செய்யாது. அவர் சொல்ல நினைத்ததை அவருடைய வாகனம் சொல்லவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பனியில் ஒரு பக்க லைற் வேறொரு வாகனத்தால் மறைந்தால், மிஞ்சிய பக்கம் மட்டும் மின்னுவதைக் காண்பவர் "திரும்பப் போகிறார்" என்று நினைப்பார். நின்றுபோன வாகனத்துக்கும் ஓடுகிற வாகனத்துக்கும் வித்தியாசமும் தெரியாது. ஹசாட் லைற் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுதான்: "நான் இங்கே தடையாக நிற்கிறேன்." வாகனம் பழுதாகி, அல்லது விபத்தில், உடனே அகற்ற முடியாமல் நிற்கும்போது போடுங்கள். வேகமாகப் போகும் வீதியில் முன்னால் திடீரென்று எல்லாம் நின்றுவிட்டால், பின்னால் வருபவரை எச்சரிக்கச் சில செக்கன் போடலாம். அவர் வேகம் குறைத்ததும் அணைத்துவிடுங்கள். சந்தியில் நேரே போகிறேன் என்று காட்டவோ, மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டு மரக்கறி வாங்கவோ அது இல்லை. கலியாண ஊர்வலத்துக்கும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கோபிக்க வேண்டாம்.

அப்படியானால் பனியில் என்ன செய்வது? டிம் லைற், இருந்தால் பொக் லைற், வேகம் குறைவு. 50 மீற்றர்தான் தெரிகிறதென்றால், ஈர வீதியில் 60 இல் போகிறவர் நிற்க ஏறக்குறைய 60 மீற்றர் வேண்டும். 40 இல் போகிறவருக்கு 32 மீற்றர். கண்ணாடியை இறக்கி, சந்தியில் காதாலும் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் வீதியை விட்டு முற்றாக இறக்கி நிறுத்தி, அப்போது ஹசாட்டைப் போடுங்கள். வெயில் ஏற மூட்டம் கலைந்துவிடும்.

கனக்கப் பேசிவிட்டேன், தேநீர் ஆறுகிறது. ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வலைப்பந்துத் திடலுக்குப் பக்கத்துச் சுவரில், அதிபரின் அனுமதியோடு, நிலத்திலிருந்து உயரங்களைச் சோக்கால் குறித்து வைத்திருக்கிறோம். அதற்கு நேரே 5 மீற்றரில் நிலத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டிருக்கிறது. அந்தத் தங்கச்சி, இப்போது கை சுகமாகி, அளவு நாடாவோடு அங்கே நிற்பா. இருட்டியதும் ஒவ்வொருவராக வாகனத்தைக் கொண்டு வாருங்கள். முதலில் உங்கள் லைற்றின் உயரத்தை அளப்போம். சுவரில் கோடு அதைவிட 5 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். ஊரிலிருந்து அரிசி, தேங்காய் ஏற்றி வந்தவர்கள் அதை இறக்கிவிட்டு வர வேண்டாம். பாரத்தோடு அப்படியே வாருங்கள். ஸ்கூட்டியில் இரண்டு பேராக வந்தவர்கள் இரண்டு பேருமாகவே ஏறி இருங்கள்.